மறுநிறுவலுக்குப் பின் காணாமல் போன கேம் சேவ் கோப்பை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியவர்கள், விண்டோஸையே புதிதாகப் போட்டவர்கள் எனப் பலரிடமிருந்தும் ஒரே விதமான சந்தேகங்கள் வந்துகொண்டே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் விண்டோஸ் கணினியையும் ஸ்டீமையும் பற்றியவை. கைபேசிக்கும் கன்சோலுக்கும் உரியவை கடைசியில் இருக்கின்றன.

கேமை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். நான் விளையாடியது எல்லாம் போய்விட்டதா?

கணினியில் பெரும்பாலும் போயிருக்காது. கேமின் நிரல் கோப்புகள் ஓரிடத்திலும், நீங்கள் விளையாடிச் சேமித்த சேவ் கோப்புகள் வேறோரிடத்திலும் இருப்பதுதான் வழக்கம். நிறுவலை நீக்கும்போது ஸ்டீம் தான் கொண்டுவந்து வைத்த கோப்புகளைத்தான் அகற்றுகிறது. உங்கள் பயனர் கோப்புறைக்குள் கேம் தானாக எழுதிவைத்ததை அது தொடுவதில்லை. ஆகவே கேமை மட்டும் நீக்கி மீண்டும் நிறுவியிருந்தால், பல கேம்களில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

சிக்கல் வருவது வேறு சூழல்களில்: விண்டோஸையே மறுபடி நிறுவியது, வேறு கணினிக்கு மாறியது, வேறு கணக்கில் நுழைந்தது, அல்லது சேவ் கோப்பை நிறுவல் கோப்புறைக்குள்ளேயே வைத்திருந்த பழைய கேம் ஒன்றைக் கோப்புறையோடு சேர்த்துக் கையால் அழித்தது. உங்களுடையது இவற்றில் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் நான் என்ன செய்ய வேண்டும்?

கேமைத் திறக்காதீர்கள். இதைச் சொல்வதற்குள் பத்தில் எட்டுப் பேர் திறந்துவிட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டீம் கிளவுட், கேம் தொடங்குவதற்கு முன் ஒருமுறையும் நீங்கள் வெளியேறிய பின் ஒருமுறையும் கணினியில் உள்ள சேவ் கோப்புகளையும் தன்னிடம் உள்ளவற்றையும் ஒத்திசைக்கிறது. வெறுமனே "இருக்கிறதா பார்ப்போம்" என்று திறந்து, புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கி, சேமித்து வெளியேறினால், அந்த வெற்று ஆட்டம் கிளவுடுக்கு ஏறிவிடக்கூடும்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே. சேவ் இருக்கக்கூடிய கோப்புறையைக் கண்டுபிடித்து, அதில் இப்போது என்ன இருக்கிறதோ அதை அப்படியே வேறோரிடத்திற்கு, முடிந்தால் வேறொரு டிரைவுக்கு, நகலெடுத்து வையுங்கள். அதில் இருப்பது பழையதாகத் தோன்றினாலும் சரி, உடைந்ததாகத் தோன்றினாலும் சரி. அதன் பிறகு எந்தப் பரிசோதனை தவறிப்போனாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவர முடியும்.

கிளவுடில் என் சேவ் இருக்கிறதா என்று கேமைத் திறக்காமல் எப்படிப் பார்ப்பது?

உலாவியில் ஸ்டீம் கணக்கில் நுழைந்து கீழ்க்கண்ட முகவரிக்குச் செல்லுங்கள்.

```
https://store.steampowered.com/account/remotestorage
```

கிளவுடில் உங்கள் பெயரில் கோப்பு வைத்திருக்கும் கேம்களின் பட்டியல் அங்கே வரும். ஒரு கேமைத் திறந்தால் ஒவ்வொரு கோப்பின் பெயரும் அளவும் எழுதப்பட்ட தேதியும் தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவிறக்கவும் செய்யலாம். அந்தத் தேதி நீங்கள் கடைசியாக விளையாடிய நாளோடு பொருந்தினால், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. அந்தக் கோப்புகளைப் பதிவிறக்கி முன் பதிலில் சொன்ன நகலோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

கேம் அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். அந்த கேமை உருவாக்கியவர்கள் ஸ்டீம் கிளவுடைப் பயன்படுத்தவே இல்லை என்பது ஒன்று. இது கேமுக்கு கேம் மாறும், கடைப் பக்கத்தில் `Steam Cloud` என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வேறொரு ஸ்டீம் கணக்கில் விளையாடியிருந்தீர்கள் என்பது மற்றொன்று. குடும்பத்தில் ஒருவருடைய கேமை மற்றவர் பகிர்ந்து விளையாடினாலும், சேவ் கேமின் உரிமையாளரின் கணக்கில் சேராது. விளையாடியவரின் கணக்கில்தான் இருக்கும்.

இன்னொரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். டெராரியாவில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஒவ்வொரு உலகத்துக்கும் தனித்தனியாக மேகக் குறி ஒன்று உண்டு. அதை அழுத்தி கிளவுடுக்கு மாற்றாத கதாபாத்திரம் கணினியில் மட்டுமே இருக்கும். "இந்த கேமுக்கு கிளவுட் உண்டு" என்பதும் "என்னுடைய சேவ் கிளவுடில் இருக்கிறது" என்பதும் ஒன்றல்ல.

கணினியில் சேவ் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கும்?

எல்லா கேம்களுக்கும் பொதுவான ஒரே இடம் என்று எதுவும் இல்லை. ஆனால் கீழ்க்கண்ட ஐந்தில் ஒன்றில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு வரியையும் அப்படியே நகலெடுத்து, கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் ஒட்டி என்டரை அழுத்தினால் போதும்.

```
%USERPROFILE%\Documents\My Games
%USERPROFILE%\Saved Games
%APPDATA%
%LOCALAPPDATA%
%USERPROFILE%\AppData\LocalLow
```

சில எடுத்துக்காட்டுகள்: ஸ்கைரிம் சிறப்புப் பதிப்பு முதலாவதில் `Skyrim Special Edition\Saves` என்ற கோப்புறையில் எழுதும். ஸ்டார்டியூ வேலி மூன்றாவதில் `StardewValley\Saves` என்பதிலும், யூனிட்டி எஞ்சினில் உருவான ஹாலோ நைட் ஐந்தாவதில் `Team Cherry\Hollow Knight` என்பதிலும் எழுதும். அன்ரியல் எஞ்சினில் உருவானவை பெரும்பாலும் நான்காவதில் கேமின் பெயரிலோ அதன் உள்பெயரிலோ உள்ள கோப்புறைக்குள் `Saved\SaveGames` என்று வைத்திருக்கும். உள்பெயர் கடையில் விற்கும் பெயரோடு ஒட்டாமல் இருப்பதுண்டு. அப்படியானால் கோப்புறைகளை மாற்றப்பட்ட தேதிப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள்.

ஊகிக்க விருப்பமில்லையென்றால் பிசிகேமிங்விக்கி தளத்தில் கேமின் பெயரைத் தேடுங்கள். அங்கே ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் `Save game data location` என்ற பகுதியில், கடைவாரியாக, சரியான முகவரியைப் போட்டிருப்பார்கள். நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

நீங்கள் சொன்ன இடத்தில் பார்த்தேன், அந்தக் கோப்புறையே இல்லையே?

இரண்டு காரணங்கள் அடிக்கடி வருகின்றன. முதலாவது, `AppData` மறைக்கப்பட்ட கோப்புறை. சுட்டியால் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால் அது கண்ணில் படாது. அதனால்தான் மேலே முகவரியை ஒட்டச் சொன்னேன்.

இரண்டாவது, ஒன்ட்ரைவ். உங்கள் `Documents` கோப்புறையை ஒன்ட்ரைவ் காப்பெடுக்கத் தொடங்கியிருந்தால், உண்மையான `Documents` இடம் மாறி `C:\Users\பயனர்பெயர்\OneDrive\Documents` என்பதற்குள் போய்விடும். மறுநிறுவலுக்கு முன் ஒன்ட்ரைவ் இயங்கி, பின் இயங்காமல் இருந்தால், கேம் இப்போது வேறொரு `Documents`இல் தேடிக்கொண்டிருக்கும். சேவ் பழைய இடத்தில் பத்திரமாக இருக்கும். ஒன்ட்ரைவின் இணையப் பக்கத்தில் நுழைந்து `Documents\My Games` இருக்கிறதா என்று பாருங்கள். அழிந்திருந்தாலும் அங்குள்ள மறுசுழற்சித் தொட்டியில் தனிநபர் கணக்குகளுக்கு 30 நாட்கள் வரை இருக்கும்.

விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு, கிளவுட் பல மாதங்களுக்கு முந்தைய சேவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. நடுவில் விளையாடியது எங்கே?

இந்தக் கேள்விக்கு ஒரு நேரடி நிகழ்வையே பதிலாகச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் ஸ்டார்டியூ வேலியில் மூன்றாம் ஆண்டுவரை வந்திருந்தார். விண்டோஸை மறுபடி நிறுவி, ஸ்டீமையும் கேமையும் போட்டுத் திறந்தபோது, அதே பண்ணை முதலாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நின்றது. கோழிக்கூடு இருந்தது, கட்டி முடித்திருந்த பசுமைக்குடில் இல்லை. விசாரித்ததில், இணையம் சரியில்லாத காரணத்தால் பல மாதங்கள் ஸ்டீமை ஆஃப்லைன் நிலையிலேயே வைத்து விளையாடியிருக்கிறார் என்று தெரிந்தது. ஆஃப்லைன் நிலையில் எதுவும் கிளவுடுக்கு ஏறாது. கடைசியாக ஏறிய முதலாம் ஆண்டு சேவைத்தான் புதிய விண்டோஸில் ஸ்டீம் பதிவிறக்கிக் கொடுத்திருந்தது. ஸ்டீமின் பக்கத்தில் எந்தத் தவறும் இல்லை.

அவர் டிரைவை ஃபார்மட் செய்யாமல், பழையதன் மேலேயே விண்டோஸை நிறுவியிருந்தார். அப்படிச் செய்யும்போது பழைய நிறுவல் `C:\Windows.old` என்ற கோப்புறைக்குள் போய்ச் சேரும். பழைய பயனர் கோப்புறைகளும் அதற்குள் இருக்கும். பொதுவாகப் பத்து நாட்களில் விண்டோஸே அதை அழித்துவிடும். அன்று நான்காம் நாள்.

முதலில் ஸ்டீமை முழுமையாக மூடச் சொன்னேன். சாளரத்தை மூடினால் போதாது, கடிகாரத்துக்கு அருகிலுள்ள சிறு படத்திலிருந்து வெளியேற வேண்டும். பிறகு இந்த இடத்தைத் திறந்தோம். அனுமதி கேட்டு ஒரு சாளரம் வந்தது, தொடரலாம் என்று ஒப்புக்கொண்டோம்.

```
C:\Windows.old\Users\பயனர்பெயர்\AppData\Roaming\StardewValley\Saves
```

உள்ளே கதாபாத்திரத்தின் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் சேர்ந்த பெயரில், `Malar_268435102` என்பது போல, ஒரு கோப்புறை இருந்தது. அதனுள் அதே பெயரில் நீட்சி இல்லாத ஒரு கோப்பும், `SaveGameInfo` என்ற ஒன்றும், இவ்விரண்டின் முந்தைய நாள் பிரதிகளாக `_old` என்று முடியும் இரண்டும் இருந்தன. பெரிய கோப்பின் தேதி விண்டோஸ் மறுநிறுவலுக்கு முந்தைய இரவைக் காட்டியது. அதைக் கண்டபின்தான் அவருக்கு மூச்சே வந்தது.

அந்தக் கோப்புறையை முதலில் வேறு டிரைவுக்கு நகலெடுத்தோம். இப்போதைய `%APPDATA%\StardewValley\Saves` என்பதில் அதே பெயரில் இருந்த முதலாம் ஆண்டுக் கோப்புறையையும் தனியே நகலெடுத்து வைத்துக்கொண்டோம். ஸ்டீமைத் திறந்து, நூலகத்தில் கேமின் பெயர்மீது வலது பொத்தானை அழுத்தி, `Properties` என்பதில் `General` பகுதியில் அந்த கேமுக்கான ஸ்டீம் கிளவுட் சுவிட்சை அணைத்தோம். அதன் பிறகு முதலாம் ஆண்டுக் கோப்புறையை அகற்றிவிட்டு மூன்றாம் ஆண்டுக் கோப்புறையை அந்த இடத்தில் வைத்தோம். கேமைத் திறந்ததும் பட்டியலில் மூன்றாம் ஆண்டு என்றே காட்டியது. உள்ளே போய், ஒரு நாள் தூங்கி எழுந்து (அந்த கேமில் தூங்கினால்தான் சேவ் ஆகும்), வெளியேறினோம். பிறகுதான் கிளவுட் சுவிட்சை மீண்டும் இயக்கினோம். அடுத்த முறை தொடங்கும்போது, கணினியில் உள்ளதா, கிளவுடில் உள்ளதா, எது வேண்டும் என்று ஸ்டீம் கேட்டது. கணினியில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தோம். சற்று நேரத்தில், முன்னே சொன்ன கிளவுட் பட்டியல் பக்கத்தில் அன்றைய தேதி தெரிந்தது. அந்தத் தேதியைப் பார்க்கும்வரை வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

ஸ்டீம் "கணினியில் உள்ளதா, கிளவுடில் உள்ளதா" என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

தெரியாத நிலையில் எதையும் அழுத்தாதீர்கள். அந்தச் சாளரத்தை ரத்துசெய்து வெளியே வந்துவிடலாம். நீங்கள் தேர்ந்தெடுக்காத பக்கம் அழிந்துபோகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்தச் சாளரம் இரு பக்கத்துக்கும் தேதி காட்டும். புதிய தேதியையே பலரும் அழுத்துகிறார்கள். மறுநிறுவலுக்குப் பிறகு பெரும்பாலும் அதுதான் தவறான விடை. ஐந்து நிமிடம் முன்பு நீங்கள் தொடங்கிய வெற்று ஆட்டத்துக்கு இன்றைய தேதி இருக்கும். நூறு மணி நேரம் விளையாடியதற்குப் போன மாதத் தேதி இருக்கும். தேதி கோப்பு எப்போது எழுதப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு விளையாடினீர்கள் என்பதை அல்ல.

ஆகவே ரத்துசெய்துவிட்டு, கணினியில் உள்ள கோப்புறையையும் கிளவுட் பக்கத்தில் உள்ள கோப்புகளையும் தனித்தனியாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கையில் இருக்கும்போது எதை அழுத்தினாலும் பயமில்லை; தவறான பக்கத்தை அழுத்தியிருந்தால், கிளவுட் சுவிட்சை அணைத்துக் கோப்புறையை மாற்றும் மேற்சொன்ன முறையிலேயே திருத்திவிடலாம்.

அவசரத்தில் புது ஆட்டம் தொடங்கிவிட்டேன். பழையதன் மேலேயே எழுதிவிட்டதா?

அது கேம் சேவுக்கு எப்படிப் பெயர் வைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்டார்டியூ வேலியில் ஒவ்வொரு பண்ணைக்கும் தனி எண் கொண்ட தனிக் கோப்புறை என்பதால், புதிய பண்ணை பழையதைத் தொடாது. ஹாலோ நைட்டில் அப்படி இல்லை. நான்கு இடங்களுக்கு `user1.dat` முதல் `user4.dat` வரை நிலையான பெயர்கள். முதலாம் இடத்தில் புதிய ஆட்டம் தொடங்கினால் அது `user1.dat` என்றே எழுதப்படும். கிளவுடில் உள்ள பழைய `user1.dat` கோப்போடு போட்டியிடுவதும் அதுவே.

உடனே கவனித்துவிட்டால் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. கேமை மூடுவதற்கு முன்பே இணைப்பைத் துண்டியுங்கள், அதன் பிறகு கேமை மூடுங்கள். கிளவுடுக்கு ஏறுவது வெளியேறும்போதுதான் என்பதால், கிளவுடில் பழையது இன்னும் இருக்கும். வேறொரு கணினியிலோ கைபேசியின் உலாவியிலோ கிளவுட் பட்டியல் பக்கத்தைத் திறந்து பழைய கோப்பைப் பதிவிறக்கி விடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தால் ஸ்டீமிடம் முந்தைய பதிப்பைக் கேட்டுப் பெற வழியில்லை. கேமே எழுதிவைத்த காப்புக் கோப்பு, `Windows.old`, ஒன்ட்ரைவின் பதிப்பு வரலாறு, நீங்கள் இதே கேமை விளையாடிய இன்னொரு கணினி ஆகியவைதான் மீதம். அந்த இன்னொரு கணினி இருந்தால், அதை இணையத்தில் இணைக்காமல் திறந்து சேவை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

சேவைச் சரியான இடத்தில் வைத்தேன். ஆனாலும் கேமில் காட்டவில்லை. ஏன்?

நான் பார்த்தவரை முதல் காரணம் மிக எளியது: கோப்புறைக்குள் கோப்புறை. ஜிப் கோப்பை விரிக்கும்போது `Saves\Saves\Malar_268435102` என்று ஒரு படி கூடிவிடும். கேம் முதல் படியில் மட்டுமே தேடும். இரண்டாவது, பெயர் மாற்றம். ஸ்டார்டியூ வேலியில் கோப்புறையின் பெயரும் உள்ளே உள்ள பெரிய கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். "பழையது" என்று அடையாளத்துக்காகக் கோப்புறையின் பெயரோடு ஏதாவது சேர்த்திருந்தால், அதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, கணக்கு எண். சில கேம்கள் சேவை உங்கள் ஸ்டீம் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறைக்குள் வைக்கும். எல்டன் ரிங் `%APPDATA%\EldenRing` என்பதில் அப்படி ஓர் எண் கோப்புறைக்குள்தான் `ER0000.sl2` என்ற கோப்பை எழுதுகிறது. வேறு கணக்கில் நுழைந்திருந்தால் அது வேறு எண் கோப்புறையைத்தான் பார்க்கும்.

கேம் சேவைக் காட்டுகிறது, ஆனால் திறந்தால் பிழை வருகிறது. இதற்கு வழி உண்டா?

கோப்பின் அளவை முதலில் பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் உள்ளே ஒன்றுமில்லை. அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால் அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். மின்சாரம் போனபோது எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு, அளவு மாறாமல் உள்ளே முழுவதும் வெறுமையாக மாறியிருப்பதுண்டு. இத்தகைய கோப்பைப் பழுதுபார்க்க முடியாது, காப்புப் பிரதிக்குத்தான் போக வேண்டும். ஸ்டார்டியூ வேலியில் அது எளிது. உடைந்த இரு கோப்புகளையும் வெளியே எடுத்துவிட்டு, `_old` என்று முடியும் இரண்டின் பெயரிலிருந்து அந்த ஒட்டை மட்டும் நீக்கினால், ஒரு நாள் மட்டுமே பின்னால் போவீர்கள். எல்டன் ரிங்கில் `.bak` என்று முடியும் பிரதி இருக்கும். டெராரியாவிலும் அதே நீட்சிதான்.

கோப்பு நலமாக இருந்தும் திறக்காததற்கு மோட் அல்லது கூடுதல் உள்ளடக்கம் இல்லாதது காரணமாக இருக்கலாம். மறுநிறுவலில் கேம் மட்டும் வரும். நீங்கள் சேர்த்திருந்த மோட்கள் தாமாக வந்துவிடாது. ஸ்கைரிம் இதைத் திறக்கும்போதே எச்சரிக்கும். எச்சரிக்கையைத் தாண்டிப்போய்ச் சேமித்துவிடாமல், மோட்களை முதலில் பழையபடி நிறுவுங்கள்.

முன்பு வேறு கடையில் வாங்கிய பதிப்பில் விளையாடினேன். இப்போது ஸ்டீமில் வாங்கியிருக்கிறேன். சேவ் கோப்பை மாற்றலாமா?

ஒரு கடையின் கிளவுடில் இருப்பது இன்னொரு கடைக்குத் தெரியாது. ஆனால் இரு பதிப்புகளும் கணினியில் ஒரே வடிவத்தில் எழுதினால், கோப்பைக் கையால் மாற்றிவைக்கலாம். பிசிகேமிங்விக்கியில் இரண்டு கடைக்கும் ஒரே முகவரி கொடுத்திருந்தால் அது நல்ல அறிகுறி. சேவுக்குள்ளேயே கணக்கு எண் பதிந்திருக்கும் எல்டன் ரிங் போன்றவற்றில் வெறுமனே நகலெடுத்தால் வேலை செய்யாது.

எக்ஸ்பாக்ஸ் செயலி வழியாக நிறுவிய பதிப்புகள் தனி இனம். அவற்றின் சேவ் `%LOCALAPPDATA%\Packages` என்பதற்குள், `SystemAppData\wgs` என்ற கோப்புறையில், எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில் கிடக்கும். எது எந்தச் சேவ் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

டிரைவை முழுவதும் ஃபார்மட் செய்துவிட்டேன், கிளவுடிலும் இல்லை. மீட்பு மென்பொருள் உதவுமா?

சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், அதன் மேல் அதிகம் எழுதப்படாதவரை ஓரளவு வாய்ப்பு உண்டு. அப்போதும் அந்த டிரைவை உடனே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, மென்பொருளை வேறு டிரைவில் நிறுவி, மீட்ட கோப்புகளையும் வேறு டிரைவிலேயே வைக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. கோப்பு அழிந்ததும் அந்த இடத்தைத் துடைத்துவிடலாம் என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. எஸ்எஸ்டி தன் போக்கில் அதைத் துடைத்தும் விடுகிறது. பணம் கட்டச் சொல்லும் மென்பொருளை, அது உங்கள் கோப்பின் பெயரையும் உள்ளடக்கத்தையும் முன்கூட்டியே காட்டாதவரை வாங்காதீர்கள்.

போனில் கேமை அழித்துவிட்டுப் போட்டேன். அங்கும் கோப்புறையில் தேடலாமா?

தேடிப் பயனில்லை. ஆண்ட்ராய்டில் செயலியை நீக்கும்போது அதன் சொந்தக் கோப்புறையும் `Android/data` என்பதற்குள் உள்ளதும் சேர்ந்தே அழிகின்றன. ஆண்ட்ராய்டு 11 முதல் மற்ற செயலிகளால் அந்தக் கோப்புறைக்குள் நுழையவும் முடியாது. ஆகவே மீதமிருப்பது கணக்கு மட்டுமே. கேமுக்குள் எந்தக் கணக்கில் இணைந்திருந்தீர்கள், கூகுள் பிளே கேம்ஸா, ஃபேஸ்புக்கா, கேம் நிறுவனத்தின் சொந்தக் கணக்கா, என்று நினைவுபடுத்தி, புதிய ஆட்டத்தின் பயிற்சிப் பகுதி தொடங்குமுன் அமைப்புகளில் போய் அதிலேயே நுழையுங்கள். கைபேசியில் இரண்டு மின்னஞ்சல்கள் இருந்தால் இரண்டையும் முயன்று பாருங்கள். பாதிப் பேருக்கு விடை அந்த இரண்டாவது மின்னஞ்சலில் இருக்கிறது.

விருந்தினராக விளையாடியிருந்தால், கைபேசியின் காப்பெடுப்பு இயங்கியிருக்கும் பட்சத்தில், கேம் அதற்கு இடம்கொடுத்திருந்தால், ஒரு செயலிக்கு 25 எம்பி வரை கூகுள் வைத்திருக்கும். மீண்டும் நிறுவும்போது தானாக வரும். அதுவும் இல்லையென்றால் கேமின் உதவிப் பிரிவுக்கு எழுதுவதே வழி. கேமுக்குள் எதையாவது வாங்கியிருந்தால் அதன் ரசீதில் `GPA.` என்று தொடங்கும் எண் இருக்கும். அதோடு, பழைய ஆட்டத்தில் உங்கள் பெயர், கடைசியாக இருந்த நிலை, விளையாடிய தோராயமான தேதி ஆகியவற்றையும் எழுதினால் கணக்கைத் தேடிக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஏதுவாகும். ஐபோனிலும் செயலியை அழித்தால் தரவும் அழியும். இடம் போதாததுதான் காரணம் என்றால், அடுத்த முறை அழிக்காமல் `Offload App` என்பதைத் தேர்ந்தெடுங்கள், அது தரவை விட்டுவைக்கும்.

கன்சோலில் கேமை நீக்கினால் சேவும் போய்விடுமா?

நின்டெண்டோ சுவிட்சிலும் பிளேஸ்டேஷனிலும் கேமை நீக்குவது வேறு, சேவை நீக்குவது வேறு. முதலாவதைச் செய்தால் இரண்டாவது நடக்காது. சுவிட்சில் சேவ் எப்போதும் கருவியின் உள்நினைவகத்தில்தான் இருக்கும், மெமரி கார்டில் அல்ல. ஆகவே கார்டை மாற்றியதால் சேவ் போகவில்லை. ஆனால் கருவி பழுதாகிப் புதியது வந்தால், சந்தா வழியாக கிளவுடில் ஏறியிருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். எக்ஸ்பாக்ஸில் கிளவுட் சேவுக்குத் தனிச் சந்தா தேவையில்லை.

அடுத்த முறை விண்டோஸ் போடுவதற்கு முன் எதை நகலெடுத்து வைக்க வேண்டும்?

கோப்புறை எங்கே என்று தெரிந்த கேமுக்கு ஒரே வரி போதும். `cmd` கட்டளைச் சாளரத்தில், இலக்கின் பெயரில் அன்றைய தேதியைப் போட்டு இயக்குங்கள்.

```
robocopy "%APPDATA%\StardewValley\Saves" "D:\Saves\Stardew-2025-03-14" /E
```

தேதி போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரே இலக்குக்கு மீண்டும் மீண்டும் நகலெடுத்தால், உடைந்த சேவ் ஒருநாள் நல்ல சேவின் மேல் எழுதப்படும். இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் `/MIR` என்ற ஒட்டை இதில் சேர்க்காதீர்கள். மூலத்தில் இல்லாததை அது இலக்கிலிருந்தும் அழித்துவிடும், சேவ் காணாமல் போன நாளில் இயக்கினால் காப்புப் பிரதியும் காணாமல் போகும். நிறைய கேம்கள் இருந்தால் லூடுசாவி என்ற இலவசத் திறமூல மென்பொருள், பிசிகேமிங்விக்கியின் தகவலைக் கொண்டு உங்கள் கணினியில் உள்ள சேவ்களைத் தானே கண்டுபிடித்து ஒரே இடத்தில் நகலெடுத்து வைக்கும். அது கண்டுபிடித்த பட்டியலில் உங்கள் முக்கியமான கேம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு ஃபார்மட் செய்யுங்கள்.